15 சில்லறைச் சாமான், ஒரே விளம்பரம்: லிஸ்ட் இப்படிப் போடுங்க!

தேவாலாவுல வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு கோயம்புத்தூருக்கு மாறுறீங்கன்னு வச்சுப்போம். 40 ரூபாய் தட்டுக்காக கூடலூர்ல இருந்து யாரும் பஸ் ஏறி வரமாட்டாங்க. எல்லாத்தையும் ஒரே லாட்டா போட்டா, ஒரே நடையில வாங்கிட்டுப் போவாங்க.

ஆனா "வீட்டுச் சாமான் விற்பனைக்கு"ன்னு மொட்டையா போடாதீங்க. எண்ணிக்கை, நிலை, விலை மூணையும் எழுதுங்க:

1. மிக்சி 1, ஜார் 2, நல்லா ஓடுது: ₹900
2. கெட்டில் 1, மூடி லூஸ்: ₹300
3. எவர்சில்வர் தட்டு 4: ₹160
4. டம்ளர் 6: ₹90
5. குடை 2, ஒண்ணுல கம்பி துரு: ₹150
6. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 1: ₹150

மொத்தம் 15 உருப்படி, ₹1,750. லாட் விலை ₹1,400. எல்லாத்தையும் இதே வரிசையில தரையில அடுக்கி ஒரு போட்டோ எடுங்க.

தனி விலை எதுக்கு? ரெண்டு டம்ளர் குறைஞ்சா ₹30 கழிச்சா போதும், சண்டை வராது. "மிக்சி மட்டும் ₹700க்குக் கொடுங்க"ன்னு கேட்டா மறுத்துடுங்க. மிக்சி போயிட்டா மிச்சத்துக்கு ஆள் வராது.

தேவாலா மழை ஊர். துரு, பூஞ்சையை நீங்களே எழுதிடுங்க. நேர்ல பார்த்துக் கண்டுபிடிச்சா மொத்த விலையும் இறங்கும்.

வரி? சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த இந்த மாதிரி சாமான் வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம் அப்படியில்லை, அதை இந்த லாட்ல சேர்க்காதீங்க.