பாஸ்பேட் பிணைப்பி மாத்திரை

பாஸ்பேட் பிணைப்பி என்பது உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து, அது இரத்தத்தில் கலவாமல் மலத்துடன் வெளியேறச் செய்யும் மருந்து ஆகும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்கு இம்மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. பெரும்பாலான மாத்திரைகள் மணிக்கணக்கைப் பார்த்து உட்கொள்ளப்படுகின்றன. இம்மாத்திரையோ உணவைப் பார்த்து உட்கொள்ளப்பட வேண்டியது. ஆகையால் உணவு நேரம் வாரந்தோறும் மாறும் முறைப்பணியாளர்களுக்கு இதில் குழப்பம் ஏற்படுவது இயல்பு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பகுதிகளில் பணிபுரிவோர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

தேவை

நாளொன்றுக்கு உணவின் வழியாக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் பாஸ்பரசு உடலுக்குள் செல்வதாகக் கொள்வோம். அதில் சுமார் 600 முதல் 700 மில்லிகிராம் குடலால் உறிஞ்சப்படுகிறது. நலமான சிறுநீரகம் இந்த அளவை அன்றன்றே சிறுநீரில் வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் செய்துகொள்வோரின் உடலில் இது தேங்குகிறது.

நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒரு முறைக்கு ஏறத்தாழ 800 மில்லிகிராம் பாஸ்பரசை நீக்குகிறது. வாரம் மூன்று முறை செய்தால் நீங்குவது 2400 மில்லிகிராம். உறிஞ்சப்படுவதோ 4200 மில்லிகிராமுக்கும் மேல். வாரம் இரு முறை மட்டும் செய்துகொள்வோருக்கு இடைவெளி இன்னும் பெரிது. இந்த மிச்சத்தின் ஒரு பகுதியைக் குடலிலேயே தடுப்பதுதான் பிணைப்பியின் பணி.

தேங்கிய பாஸ்பேட் எலும்பை வலுவிழக்கச் செய்கிறது. கால்சியத்துடன் சேர்ந்து இரத்தக் குழாய்களின் சுவர்களில் படிகிறது. தோல் அரிப்பு, கண் சிவத்தல், எலும்பு வலி ஆகியவை தோன்றலாம். ஆயினும் நெடுங்காலம் எவ்வித அறிகுறியும் இல்லாதிருப்பதே வழக்கம் என்பதால் இரத்தப் பரிசோதனையே நம்பத்தக்க அடையாளம்.

மெல்ல வேண்டியவையும் விழுங்க வேண்டியவையும்

எல்லாப் பிணைப்பிகளும் மெல்லத்தக்கவை அல்ல. லாந்தனம் கார்பனேட், சுக்ரோபெரிக் ஆக்சிஹைட்ராக்சைடு ஆகியவற்றின் மெல்லும் மாத்திரைகளும், மெல்லும் வகைக் கால்சியம் கார்பனேட்டும் நன்கு மென்று உண்ணப்பட வேண்டியவை. செவெலாமர் மாத்திரை இதற்கு நேர்மாறானது. அது ஈரம் பட்டால் ஊதும் தன்மையுடையது. ஆதலால் மெல்லாமலும் உடைக்காமலும் விழுங்கப்பட வேண்டும். கால்சியம் அசிட்டேட் மாத்திரையும் பொதுவாக விழுங்கப்படுவதே. மருத்துவர் வேறு பிணைப்பிக்கு மாற்றும்போது பழைய பழக்கத்தையே தொடர்வது பிழையாகலாம்.

லாந்தனம் மாத்திரை கெட்டியானது. இரைப்பையிலுள்ள அமிலத்தில் அது கரைந்து உணவுடன் கலந்தால்தான் பாஸ்பேட்டைப் பிடிக்கும். முழுதாக விழுங்கினால் உணவு குடலைக் கடந்து சென்ற பின்னும் மாத்திரை கரையாமல் இருக்கக்கூடும். அப்போது மருந்து வீணாவதோடு, அரிதாகக் குடல் அடைப்பும் குடலில் துளையும் ஏற்பட்டதுண்டு. மலத்தில் மாத்திரைத் துண்டுகள் தென்பட்டால் அது சரியாக மெல்லப்படவில்லை எனக் கொள்ளலாம். பல் இல்லாதவர்களும் மெல்ல இயலாதவர்களும் அதைப் பொடித்து உண்ணலாம். லாந்தனம் உண்பவரின் வயிற்று எக்ஸ்ரே படத்தில் மருந்து வெண்புள்ளிகளாகத் தெரியும் என்பதால், படம் எடுப்பவரிடம் முன்னரே கூறிவிடுதல் நலம்.

மெல்லும் மாத்திரையை உணவின் இடையிலோ, உண்டு முடித்த உடனேயோ மென்று உண்ண வேண்டும். விழுங்கத்தக்க அளவு தூளாகும்வரை மெல்ல வேண்டும். இதற்குத் தண்ணீர் தேவைப்படுவதில்லை. நாள்தோறும் குடிக்கும் நீரை அளந்து குடிக்க வேண்டிய நோயாளிகளுக்கு இது ஒரு வசதி.

உணவைத் தவறவிட்டால்

விதி எளியது: உணவு இல்லையெனில் அந்த உணவுக்குரிய மாத்திரையும் இல்லை. விடுபட்ட மாத்திரையை அடுத்த வேளை மாத்திரையுடன் சேர்த்து உண்ணக் கூடாது.

உணவு உண்டு, மாத்திரையை மட்டும் மறந்துவிட்டால், உண்டு முடித்த சில நிமிடங்களுக்குள் நினைவு வந்தால் உண்ணலாம். நெடுநேரம் கடந்திருந்தால் விட்டுவிட்டு அடுத்த உணவுடன் வழக்கமான அளவை உண்ண வேண்டும். முன்னர் உறிஞ்சப்பட்ட பாஸ்பேட்டைப் பின்னர் வரும் மாத்திரையால் மீட்க இயலாது.

வெறும் வயிற்றில் உண்பதால் வரும் கேடு மருந்துக்கு மருந்து வேறுபடும். கால்சியம் சார்ந்த பிணைப்பி, பிணைய உணவு இல்லாதபோது கால்சியத்தைக் கூடுதலாக இரத்தத்துக்குள் செல்ல விடுகிறது. கால்சியம் மிகுந்தால் குமட்டல், மலச்சிக்கல், சோர்வு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றலாம். லாந்தனம் வெறும் வயிற்றில் பெரும்பாலும் பயனற்றது. குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கலாம்.

முறைப்பணியில் ஒரு நாள்

ஒரகடம் சிப்காட் தொழிற்பூங்காவில் பணிபுரியும் ஒருவருக்கு 500 மில்லிகிராம் லாந்தனம் மாத்திரை வேளைக்கு ஒன்றாக, நாளுக்கு மூன்று பரிந்துரைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். காலை முறைக்கு நிறுவனப் பேருந்து ஐந்து மணிக்கே வந்துவிடுவதால் அவர் சிற்றுண்டி உண்பதில்லை. ஒன்பது மணிக்குத் தேநீர் மட்டும் அருந்துகிறார். நண்பகலில் உணவகத்தில் சோறும் சாம்பாரும், இரவில் வீட்டில் இட்டிலியும் உண்கிறார்.

அன்று அவர் உண்ண வேண்டியவை இரண்டு மாத்திரைகளே: நண்பகல் ஒன்று, இரவு ஒன்று. ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் மென்றால் பிடிப்பதற்கு உணவு இல்லை. மூன்றையும் இரவில் சேர்த்து உண்டால், நண்பகல் உணவின் பாஸ்பேட் அதற்குள் இரத்தத்தில் கலந்திருக்கும். ஒன்பது மணிக்கு அவர் பொதியிட்ட தின்பண்டங்களை வயிறார உண்பவராயின் நிலை மாறும். அவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள் பருப்பிலுள்ள பாஸ்பேட்டைவிட எளிதில் உறிஞ்சப்படுகின்றன. அதற்கு மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ முடிவு செய்வர்.

இரவு முறை வாரத்தில் அவருடைய பெரிய உணவு நள்ளிரவுக்குப் பின் வரலாம். அப்போது மாத்திரையும் அந்த உணவுடனேயே செல்லும். ஆகவே மாத்திரையை வீட்டு அலமாரியில் வைக்காமல் உணவுப் பையில் எடுத்துச் செல்வது பயன் தரும். டயாலிசிஸ் நடக்கும்போது உண்ணும் சிற்றுண்டிக்கும் இதே விதி பொருந்தும்.

எல்லைகள்

பிணைப்பியின் ஆற்றல் சிறிது. எடுத்துக்காட்டாக, 667 மில்லிகிராம் கால்சியம் அசிட்டேட் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 30 மில்லிகிராம் பாஸ்பரசையே பிடிக்கிறது. எனவே உணவுத் தேர்வும் முழு நேர டயாலிசிசும் இன்றி மாத்திரை மட்டும் போதாது.

உணவைத் தவிர்ப்பதும் தீர்வாகாது. அடிக்கடி பட்டினி கிடப்பவரின் பரிசோதனையில் பாஸ்பரசு குறைந்து காணப்படலாம். அது மருந்தின் வெற்றியன்று. புரதக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கக்கூடும். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. காய்ச்சல், வாந்தி முதலியவற்றால் ஓரிரு நாட்களுக்கு மேல் உணவு செல்லாதபோதும், வாரத்தில் பல மாத்திரைகள் மீந்துபோகும்போதும் டயாலிசிஸ் மையத்தில் தெரிவிக்க வேண்டும். தவறவிட்ட வேளைகளின் எண்ணிக்கையை அறியாத மருத்துவர், உயர்ந்த பாஸ்பரசைக் கண்டு மாத்திரையின் அளவைத் தேவையின்றிக் கூட்டிவிட நேரலாம்.