ஏழு மணிக்கு யாரிடம் பேசுவது?

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். அம்மாத இறுதியில் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் இந்தியாவுடனான நேர வித்தியாசம் நாலரை மணியாகிவிடும். டிசம்பரில் ஐந்துக்குள் இருட்டு. ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பி மனசு கேட்காமல் போனை எடுத்தால், ஊரில் இரவு பதினொன்றரை, அம்மா தூங்கியிருப்பார்.

அதனால் வீட்டுக்கு மதியம் ஒரு மணிக்கே பேசிவிடுங்கள். அங்கே மாலை ஐந்தரை. இரவுச் சாப்பாட்டை அறைக்கு எடுத்துப் போகாமல் விடுதியின் பொதுச் சமையலறையிலேயே சாப்பிடுங்கள். பருப்பு தாளிக்கும் வாசனைக்கு யாராவது “என்ன இது?” என்று கேட்பார்கள். ஒரு கரண்டி கொடுங்கள், பெயரைக் கேட்டு வையுங்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பிலும் சேருங்கள். வாராவாரம் அதே முகங்களைப் பார்த்தால்தான் பழக்கம் வரும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, வகுப்புக்கும் போகவில்லை என்றால், மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள்.