விலை சொல்வதற்கு முன்

கரூரில் தறி வைத்திருப்பவருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மெயில்: "கிச்சன் டவல், 50க்கு 70 சென்டிமீட்டர், 10,000 பீஸ். என்ன விலை?" உடனே விலை சொல்லிவிடக் கூடாது. துணியின் கனம் தெரியவில்லையே! சதுர மீட்டருக்கு 200 கிராம் என்றால் ஒரு டவல் 70 கிராம். 250 என்றால் 87.5 கிராம். மொத்த ஆர்டரில் 175 கிலோ துணி கூடிவிடும். அதனால் விலை கேட்கும் படிவத்தில் ஜி.எஸ்.எம். கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள்.

அடுத்து, விலை எதுவரை? தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றும்வரை என்றால் எஃப்.ஓ.பி.; ஹாம்பர்க்வரை கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேர்ந்தால் சி.ஐ.எஃப். இதைக் கேட்காமல் விட்டால் கப்பல் கூலி நம் தலையில் விழலாம். நிறம், பேக்கிங், டெலிவரி தேதி, பணம் தரும் முறை ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு வரி போதும்.