இட்லித்தட்டும் ஏழு வினாக்களும்

அலெக்ஸ் ஆஸ்போர்னின் வினாப்பட்டியலை அடியொற்றி, அமெரிக்கக் கல்வியாளர் பாப் எபர்லே 1971இல் ‘ஸ்கேம்பர்’ முறையை வகுத்தார். பதிலீடு, இணைப்பு, தழுவல், மாற்றியமைப்பு, வேறு பயன், நீக்கம், தலைகீழாக்கம் ஆகிய ஏழு வினாவழிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயராயின.

‘இட்லிப்பானையில் எதை மாற்றலாம்?’ என்று பொதுவாக வினவினால் விடை எளிதில் தோன்றாது. குழி, துளை, துணி, அடுக்கு என உறுப்புகளாகப் பிரித்துக்கொண்டால் வினா கூர்மை பெறும்.

நீக்கம் என்னும் வினாவைத் துணியின்மீது செலுத்துவோம். துணியை நீக்கினால் அதைத் துவைக்கும் வேலை இல்லை. ஆயினும் அத்துணி, பெருந்துளைகளின் வழியே மாவு ஒழுகாமல் தாங்கியது. வெந்த இட்லி தட்டில் ஒட்டாமலும் காத்தது. இவ்விரு பணிகளையும் இனித் தட்டே ஏற்க வேண்டும். ஆகவே துளைகள் சிறுத்தன. குழியில் எண்ணெய் தடவுதல் வழக்கமாயிற்று. எண்ணெய்க்குப் பதிலீடு தேடினால் ஒட்டாப் பூச்சு விடையாகிறது.

குழியை மாற்றியமைத்துச் சிறிதாக்கினால் சிற்றிட்லித்தட்டு கிடைக்கிறது. வெப்பம் மாவின் நடுப்பகுதியை விரைவில் எட்டுவதால் வேகும் நேரமும் குறையும். பழைய நேரத்திற்கே அவித்தால் இட்லி கெட்டிப்படும்.

வேறு பயன் என்னும் வினா இங்கு அவ்வளவாக உதவாது. அதே தட்டில் கொழுக்கட்டை அவிக்கலாம்; புதிய தட்டு பிறப்பதில்லை.

இணைப்பு, பல தட்டுகளை ஒரே தண்டில் அடுக்கச் செய்கிறது. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேர்மேலே நின்றால், உப்பி எழும் இட்லி அதில் முட்டி ஒட்டிக்கொள்ளும். ஆகையால் அடுத்தடுத்த தட்டுகளைச் சற்றுத் திருப்பி, குழிக்கு மேல் இடைவெளி அமையுமாறு பொருத்துகின்றனர்.