நான்கு மூட்டை குறைந்தால் எழுத வேண்டிய கடிதம்

பில்லில் உள்ள அளவுக்குச் சரக்கு வந்து சேராதபோது வாங்கியவர் விற்றவருக்கு எழுதும் கடிதம், குறைவு எவ்வளவு என்பதை நிரூபிக்க வேண்டும். அதன் பணமதிப்பை வரியோடு கணக்கிட்டு, அந்தத் தொகைக்கு கிரெடிட் நோட் கேட்கவும் வேண்டும். கிரெடிட் நோட் என்பது, முன்பு அனுப்பிய பில்லில் இன்ன தொகையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று விற்றவரே எழுதித் தரும் ஆவணம். திருப்பூரில் நூல் வாங்கும் நிட்டிங் யூனிட் ஒன்றின் கணக்கை எடுத்துக்கொண்டால் இந்தக் கடிதம் எப்படி அமைய வேண்டும் என்பது விளங்கும்.

யூனிட் ஒரு மில்லுக்கு 100 மூட்டை பருத்தி நூலுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 50 கிலோ, கிலோ 238 ரூபாய், யூனிட்டின் குடோனில் டெலிவரி. மில்லின் பில் 5,000 கிலோவுக்கு, கிலோ 240 ரூபாய் விலையில் வருகிறது. சரக்கின் மதிப்பு 12,00,000, ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 60,000, ஆக மொத்தம் 12,60,000 ரூபாய். லாரியிலிருந்து இறங்கியதோ 96 மூட்டை. அளவிலும் தவறு, விலையிலும் தவறு.

கடிதத்தின் பலம் லாரி நிற்கும் நேரத்திலேயே உருவாகிறது. டிரைவர் நீட்டும் லாரி ரசீதில் மூட்டைகளை எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், முழுச் சரக்கும் நல்ல நிலையில் கிடைத்தது என்பதற்கு வாங்கியவரே சாட்சி கொடுத்ததாகிவிடும். எண்ணி முடித்ததும் ரசீதின் எல்லாப் பிரதிகளிலும் ‘96 மூட்டை மட்டும் வந்தது, 4 மூட்டை குறைவு’ என்று தேதி, நேரத்தோடு எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அதோடு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு நூல் மூட்டையிலும் லாட் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். பேக்கிங் லிஸ்டிலும் அதே எண்கள் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் வராத மூட்டைகள் எவை என்று தெரிந்துவிடும். 57 முதல் 60 வரை என்று தொடர் எண்களாக அமைந்தால், அவை மில்லிலேயே லாரியில் ஏறாமல் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். மில்லின் ஸ்டாக் புத்தகத்தில் அந்த எண்களைத் தேடினால் போதும். வெறுமனே ‘நான்கு மூட்டை குறைவு’ என்று எழுதும் கடிதத்துக்கு மில் பத்து கேள்வி கேட்கும். எண்களோடு எழுதும் கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில்தான் வரும்.

மூட்டைகள் எண்ணிக்கையில் சரியாக இருந்து எடை மட்டும் குறையும்போது விஷயம் சிக்கலாகும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் விடும். பருத்தி நூலின் எடையைக் கணக்கிடும்போது 8.5 சதவீத ஈரப்பதம் தரமாகக் கொள்ளப்படுகிறது. எனவே சிறிய எடைக் குறைவுக்கு, நூல் காய்ந்திருக்கிறது என்று மில் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட புகாரில் மூட்டையின் மொத்த எடையை மட்டும் சொன்னால் நிற்காது. காலிக் கோன், சாக்கு ஆகியவற்றின் எடையைக் கழித்த நிகர எடை வேண்டும். சில மூட்டைகளைப் பிரிக்காமல் மில்லின் ஆள் வந்து பார்க்கும்வரை வைத்திருக்கவும் வேண்டும். இங்கே எடுத்துக்கொண்ட கணக்கில் முழு மூட்டைகளே வரவில்லை என்பதால் இந்த வாதத்துக்கு இடமில்லை.

அடுத்து, இழப்பு யாருடையது என்ற கேள்வி. சரக்கை லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகத்தான் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொதுவாகக் கொள்கிறது. மில் வாசலில் டெலிவரி என்று பேசியிருந்து, 100 மூட்டையும் ஏறி வழியில் நான்கு காணாமல் போயிருந்தால், மில்லிடம் கிரெடிட் நோட் கேட்பது கடினம். லாரி நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அதற்கு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். குடோனில் டெலிவரி என்று ஆர்டரில் இருந்தால் வழியில் தொலைந்ததும் மில்லின் பொறுப்பே. ஆகவே ஆர்டரில் டெலிவரி எங்கே என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

தொகையைக் கணக்கிடும் இடத்தில்தான் அதிகத் தவறுகள் நேர்கின்றன. வராத 200 கிலோவுக்குப் பில்லில் போட்ட விலையான 240 ரூபாயையே கொள்ள வேண்டும், ஏனென்றால் திரும்ப வர வேண்டியது பில்லில் ஏற்றிய தொகை. அது 48,000 ரூபாய். விலை வித்தியாசமான 2 ரூபாயை வந்து சேர்ந்த 4,800 கிலோவுக்கு மட்டும் போட வேண்டும். அது 9,600 ரூபாய். இதை 5,000 கிலோவுக்கும் போட்டால், வராத 200 கிலோவுக்கு விலை வித்தியாசத்தை இரண்டாம் முறை கேட்டதாகிவிடும். அந்த 400 ரூபாய் பிழையைக் காட்டியே மில்லின் கணக்குப் பிரிவு முழுக் கடிதத்தையும் திருப்பி அனுப்பலாம். இரண்டும் சேர்ந்து 57,600, அதற்கு வரி 2,880, ஆக 60,480 ரூபாய். கணக்கு சரியா என்று மறுவழியில் பார்க்கலாம்: 4,800 கிலோவை 238 ரூபாய் விலையில் போட்டு வரி சேர்த்தால் 11,99,520 ரூபாய். பில் தொகையிலிருந்து 60,480-ஐக் கழித்தாலும் அதே தொகைதான் வருகிறது.

கடிதத்தின் உடல் இவ்வளவு போதும்:

‘பொருள்: தங்கள் பில் எண் ___, நாள் 4.8.2025 – சரக்குக் குறைவும் விலை வித்தியாசமும் – கிரெடிட் நோட் கோருதல்.

ஐயா, வணக்கம். மேற்படி பில்லில் 100 மூட்டை (5,000 கிலோ) என்று உள்ளது. 6.8.2025 அன்று எங்கள் குடோனுக்கு 96 மூட்டை (4,800 கிலோ) மட்டுமே வந்தது. பேக்கிங் லிஸ்டில் உள்ள 57 முதல் 60 வரையிலான மூட்டைகள் வரவில்லை. லாரி ரசீதில் இது குறிக்கப்பட்டு டிரைவர் கையெழுத்திட்டுள்ளார். மேலும், எங்கள் ஆர்டரில் கிலோ 238 ரூபாய் என்றிருக்க, பில்லில் 240 ரூபாய் போடப்பட்டுள்ளது.

குறைந்த 200 கிலோவுக்கு ரூ.48,000, வந்த 4,800 கிலோவுக்கு விலை வித்தியாசம் ரூ.9,600, இவற்றுக்கு ஜி.எஸ்.டி. ரூ.2,880, மொத்தம் ரூ.60,480-க்கு மேற்படி பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். குறைந்த மூட்டைகள் எங்களுக்கு இனித் தேவையில்லை; அனுப்ப வேண்டாம். மீதி ரூ.11,99,520-ஐப் பேசிய தவணைப்படி செலுத்துகிறோம். 20.8.2025-க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.’

இதில் கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. ஏமாற்று, மோசடி போன்ற சொற்களும் இல்லை. லோடு ஏற்றியவர் எண்ணுவதில் தவறியிருக்கலாம், பில் போட்டவர் பழைய விலைப்பட்டியலைப் பார்த்திருக்கலாம். குற்றம் சாட்டினால் எதிர்த்தரப்பு தன்னைக் காக்கவே பதில் எழுதும், கணக்கு பின்னால் போய்விடும். மூட்டைகள் தேவையில்லை என்ற வரி சிறியதாகத் தெரிந்தாலும் அவசியமானது. அது இல்லாவிட்டால், அடுத்த லோடில் நான்கு மூட்டையைச் சேர்த்து அனுப்பிவிட்டோம், கிரெடிட் நோட் எதற்கு என்று மில் கேட்கும். மூட்டைதான் வேண்டும் என்றால் அதைக் கேட்டு, விலை வித்தியாசத்துக்கு மட்டும் கிரெடிட் நோட் கேட்க வேண்டும். ஆர்டர், பில், பேக்கிங் லிஸ்ட், குறிப்பு எழுதிய லாரி ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்து, நூல் ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது. ஏஜென்டிடம் போனில் சொன்னதோடு நிறுத்திக்கொள்வது மட்டும் கூடாது.

வந்த 96 மூட்டையை ஏற்பது வாங்கியவரின் விருப்பம். அளவு குறைவாக வந்தால் முழுவதையும் மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால் வந்த அளவுக்குப் பேசிய விலையில் பணம் கொடுக்க வேண்டும் என்பதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு. ஆகவே குறைவைக் காட்டி முழுப் பில்லையும் நிறுத்தி வைப்பது நியாயமும் ஆகாது, சட்டமும் ஆகாது. தகராறு இல்லாத தொகையைத் தவணைக்குள் கட்டுகிறவரின் கடிதத்துக்குத்தான் மரியாதை. விற்றவர் குறு, சிறு தொழில் பதிவு பெற்றவரானால் இன்னொரு கணக்கும் உண்டு. சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாக எம்.எஸ்.எம்.இ. சட்டம் கொள்ளும். பணம் கட்டுவதற்கான கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். உடன்பாடு எழுதிக்கொண்டாலும் அந்தக் கெடு 45 நாட்களைத் தாண்ட முடியாது.

பல யூனிட்டுகளில் கடிதத்துக்குப் பதிலாகத் தாங்களே ஒரு டெபிட் நோட் போட்டுப் பணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது உதவும், வரிக்கு உதவாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, கூடுதலாகப் போட்ட வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டை விற்றவர்தான் தர முடியும். அதில் மூல பில்லின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். மில் அதைத் தன் ரிட்டர்னில் காட்டாதவரை, வராத நூலுக்கும் மில்லே அரசுக்கு வரி கட்டியதாக நிற்கும். வாங்கியவரின் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையில் 60,000 ரூபாய் முழுதும் தெரிந்தாலும், கையில் வராத சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. எனவே 57,120 ரூபாய்க்கு மட்டும் எடுப்பதே பாதுகாப்பு. சில மில்கள் வரியை விட்டுவிட்டு 57,600 ரூபாய்க்கு மட்டும் கிரெடிட் நோட் தருவதுண்டு. அதை ஏற்றால் 2,880 ரூபாய் வாங்கியவரின் கையைக் கடிக்கும்.

பில்லையே ரத்து செய்து புதிதாகத் தருகிறோம் என்று மில் சொன்னால், ஒரு வரம்பு குறுக்கே நிற்கிறது. இ-இன்வாய்ஸ் முறையில் போட்ட பில்லைத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். லாரி வந்து மூட்டை எண்ணி முடிவதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும். எனவே கிரெடிட் நோட்டே வழி.

20-ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் ஒன்றைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். தொகையையோ காரணத்தையோ அதில் மாற்றக் கூடாது. காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 2025-26 நிதியாண்டில் போட்ட பில்லுக்கான கிரெடிட் நோட்டை மில் 2026 நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதிக்குள், கணக்கில் காட்டியாக வேண்டும். அதன் பிறகு மில் மனமுவந்து கொடுத்தாலும் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.