கைக்கணக்கு – 14: கல்லா இல்லாத முதல் மாதம்

கடையை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் பணம் வங்கிக்கு வந்துவிட்டது.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவில் பக்கம் ஹார்டுவேர் கடை நடத்திய அண்ணாச்சி. வயது 63, வீட்டம்மாவுக்கு 60. கடைக் கட்டடம் வாடகை. குடியிருக்கும் வீடு சொந்தம். சரக்கு, கடைப்பெயர், ரேக்குகள் எல்லாம் விற்று, கம்பெனிகளுக்குத் தர வேண்டிய பாக்கி, வேலையாட்களின் கணக்கு, வருமான வரி எல்லாம் போக கையில் நிற்பது 90 லட்சம். பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. வாங்கியவர் “மீதியை வியாபாரம் ஓட ஓடத் தருகிறேன்” என்று சொன்ன தொகை ஏதாவது இருந்தால், அதை இந்த 90-ல் சேர்க்கவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி, வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்பது. அண்ணாச்சி யோசிக்காமல் “முப்பதாயிரம்” என்பார். அது கல்லாவிலிருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தொகை மட்டும்தான். பைக்குக்குப் பெட்ரோல், இரண்டு போன், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், கோயில் வரி, கல்யாண மொய் எல்லாம் கடைக் கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தன. வீட்டுக் குழாய் உடைந்தால் கடைப் பையன் புது பைப்போடு வந்து மாட்டிவிட்டுப் போவான். பழைய கணக்கு நோட்டில் ஒரு வருஷத்தைப் புரட்டி இவற்றையெல்லாம் கூட்டினால் மாதம் 42,000 வருகிறது. பணத்தை எங்கே போடுவது என்று பேசுவதற்கு முன்னால் இந்தக் கூட்டலை முடித்தாக வேண்டும். அந்தப் பன்னிரண்டாயிரத்தை விட்டுவிட்டுப் போட்ட திட்டம் முதல் தீபாவளிக்கே ஆட்டம் காணும்.

அடுத்து வட்டி. அஞ்சலகத்திலும் அனுமதி பெற்ற வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது நிறைந்த ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கணவனும் மனைவியும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் 60 லட்சம். 60-க்கு முன்பே சேரும் சலுகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத்தான். கடையை மூடியவருக்குப் பொருந்தாது. 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக்கப்பட்ட வட்டியை வைத்தே கணக்குப் போடுகிறேன். புதுக் கணக்குகளுக்கான வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கும். ஆனால் கணக்குத் தொடங்கிய அன்று என்ன வட்டியோ அதுவே ஐந்து வருஷத்துக்கும் நிற்கும். இதை விற்கும் ஏஜென்டுக்கு 2011 கடைசியிலிருந்து கமிஷன் இல்லை. உங்கள் பணம் வந்த செய்தி தெரிந்து வீடு தேடி வருகிறவர்கள் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

60 லட்சத்துக்கு மாதம் 41,000 ஆகிறது (காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்து வரும்). வேண்டியது 42,000. கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டதே, மீதி 30 லட்சத்தையும் எங்காவது வட்டிக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு தவறுகிறது.

கடை தந்த வருமானத்துக்கு ஒரு குணம் இருந்தது. நூறு ரூபாய் பைப்பில் பத்து ரூபாய் நின்றால், அதே பைப் இருநூறு ஆனபோது இருபது நின்றது. விலைவாசி ஏற ஏற அண்ணாச்சியின் வருமானமும் தானாகவே ஏறியது. அதனால் விலைவாசியை அவர் வாங்குகிறவராக உணர்ந்ததே குறைவு. கடையை விற்றபோது அந்த ஏறும் வருமானத்தைத்தான் விற்றார். வாங்கியிருப்பது ஏறாத 41,000. செலவு வருஷத்துக்கு 6 சதவீதம் கூடினால் ஐந்தாவது வருஷம் மாதம் 53,000 வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு மடங்கு. அப்போது அவருக்கு 75 வயது, மருந்துச் செலவு தனி.

ஆகவே மீதி 30 லட்சத்துக்கு வேறு வேலை. அதில் 10 லட்சம் இரண்டு வங்கிகளில், வங்கிக்கு ஐந்தாக வைப்பு. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக்காப்பீடு, அதிலும் வட்டி சேர்ந்துதான் கணக்கு என்பதால் கணவன், மனைவி பெயர்களில் பிரித்துப் போட்டால் நல்லது. முதல் ஐந்து வருஷத்தில் வட்டிக்கும் செலவுக்கும் விழும் இடைவெளி மொத்தமாக நாலு லட்சத்துக்குள்தான். அது இதிலிருந்து போகும். பாக்கி, ஆஸ்பத்திரிக்கு.

மிச்சம் 20 லட்சம் பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில், குறியீட்டைப் பின்பற்றும் சாதாரண ஃபண்டே போதும், மாதம் ஒரு லட்சமாகப் போக வேண்டும். அண்ணாச்சி இதற்குச் சம்மதிக்க மாட்டார். 2020-ல் இரண்டே மாதத்தில் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது உண்மை. ஆனால் இந்தப் பணம் முதல் ஐந்து வருஷம் சோற்றுக்குத் தேவைப்படாத பணம். ஆறாவது வருஷத்திலிருந்து பன்னிரண்டாவது வருஷம் வரை விழும் இடைவெளி சுமார் 22 லட்சம். அதை நிரப்ப விலைவாசியோடு சேர்ந்து வளரக்கூடிய ஏதாவது ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும். அவர் கடையும் ஒரு பங்குதான். தினமும் விலை சொல்லாத பங்கு.

அவர் மனசு போகும் இடம் வேறு. வியாபாரிக்கு வட்டி என்றால் மாதக் கணக்கு. 8.2 சதவீதம் என்பது நூற்றுக்கு 68 பைசா. பஜாரில் தெரிந்த ஆளே பிராமிசரி நோட்டு எழுதி இரண்டு ரூபாய் தருகிறேன் என்கிறபோது 68 பைசா கேவலமாகத் தெரியும். கடை இருந்தவரை கடன் வாங்கியவன் சரக்குக்கு மறுபடி வந்தாக வேண்டும். அந்தப் பிடி இருந்தது. கடை போனதும் பிடியும் போயிற்று. நோட்டுக்கு மூன்று வருஷக் காலாவதியும் உண்டு. வட்டி வந்துகொண்டிருப்பதைப் பார்த்து அசல் பத்திரமாக இருப்பதாக நினைக்க வேண்டாம். “இந்த மாசம் பாதி வச்சுக்கிடுங்க” என்ற பேச்சு வந்த அன்றே அசலைக் கேட்டுவிட வேண்டும்.

வரியில் இரண்டு விஷயம் போதும். மனைவி கணக்கில் போட்டது கணவர் கொடுத்த பணம் என்றால், அந்த வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். இந்த அளவில் புதிய வரி முறையில் வரி வராது, ஆனால் கணக்கில் காட்ட வேண்டும். இரண்டாவது, வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்தை, விற்ற வருஷத்திலேயே கொடுத்துவிடாதீர்கள். கடைப்பெயருக்கு வந்த பணம் மூலதன ஆதாயம். அந்த வருஷம் வரி உண்டு, எனவே அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும்.

ஐந்து வருஷம் கழித்து 60 லட்சம் திரும்பி வரும்போது வட்டி என்னவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2020 ஏப்ரலிலிருந்து 2022 செப்டம்பர் வரை இதே திட்டம் 7.4 சதவீதம்தான் தந்தது. அந்த வட்டியில் மாதம் 37,000. சந்தை நல்லபடியாக இருந்தால் வருஷத்துக்கான இடைவெளியை ஃபண்டிலிருந்து எடுக்கலாம். அன்று பார்த்துச் சந்தை விழுந்து கிடந்தால் ஃபண்டைத் தொட வேண்டியதில்லை. முதிர்ந்த இரண்டு கணக்குகளையும் முடித்து, 30-க்குப் பதிலாக 27 லட்சம் வீதம் புதுக் கணக்குத் தொடங்கலாம். வெளியே வரும் ஆறு லட்சம் இரண்டு வருஷ இடைவெளிக்குப் போதும். அதுவரை ஃபண்ட் காத்திருக்கட்டும்.

அடுத்த வாரம்: கடைக் கட்டடமும் சொந்தம் என்றால், விற்பதா, வாடகைக்கு விடுவதா?