‘வேலை தேடுகிறேன்’ என்பதை யாரும் தேடுவதில்லை

வெள்ளிக்கிழமை மதியம் ஹெச்.ஆரிடமிருந்து அழைப்பு. அரை மணி நேரத்தில் லேப்டாப்பும் அடையாள அட்டையும் கைமாறிவிடுகின்றன. வீட்டுக்கு வந்து, இரவெல்லாம் தூக்கம் வராமல், லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்து தலைப்பு வரியை மாற்றுகிறார் அந்தப் பெண்: ‘புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன் | கடின உழைப்பாளி | எதையும் விரைவில் கற்றுக்கொள்பவர்.’

சென்னை ஓ.எம்.ஆரில் வேலை இழக்கும் பலரும் முதலில் செய்வது இதைத்தான். இரண்டு வாரம் கழித்தும் ஒரு அழைப்புகூட வராதபோது, ‘லே-ஆஃப் ஆனவங்கன்னா யாரும் எடுக்க மாட்டாங்கபோல’ என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அதுவல்ல. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் ஆல்பபெட் 12,000 பேரைக் குறைத்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. இன்று ஆளெடுக்கும் மேலாளருக்கு, வேலை இழந்த நண்பர் ஒருவராவது இருப்பார். ஆட்குறைப்பு என்ற சொல் அவரை அதிர வைப்பதில்லை. பிரச்னை, அவர் கண்ணுக்கே அந்தப் பக்கம் போய்ச் சேராததுதான்.

ரெக்ரூட்டர் எப்படித் தேடுகிறார் என்று பார்த்தால் இது புரியும். அவர் முன்னால் இருப்பது ஒரு தேடல் பெட்டி. அதில் பதவியின் பெயர், இரண்டு மூன்று தொழில்நுட்பங்கள், ஊர், அனுபவ ஆண்டுகள் ஆகியவற்றைத்தான் போடுகிறார். ‘கடின உழைப்பாளி’ என்று யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. ‘வாய்ப்பு தேடுபவர்’ என்றும் தேடுவதில்லை. லிங்க்ட்இன் தலைப்பு வரியில் 220 எழுத்துகளுக்கு இடம் உண்டு. பெயருக்கு அடுத்து, தேடல் முடிவுகளில் கண்ணில் படுவது அந்த வரிதான். அதை முழுக்க மனநிலையால் நிரப்பிவிட்டால், தொழிலுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

மேலே சொன்ன பெண்ணையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அவர் நிலை பலருக்குப் பழக்கமானது. 11 ஆண்டு அனுபவம் உள்ள மென்பொருள் சோதனைப் பொறியாளர். முதல் ஆறு ஆண்டு மேனுவல் டெஸ்டிங், பிறகு செலினியம், ஜாவா கொண்டு ஆட்டோமேஷன். கடைசி நான்கு ஆண்டும் ஓர் அமெரிக்க வங்கியின் புராஜெக்ட். அவருடைய புதிய தலைப்பு வரி இப்படி அமையலாம்: ‘டெஸ்ட் ஆட்டோமேஷன் இன்ஜினியர் | செலினியம், ஜாவா, ஏ.பி.ஐ. டெஸ்டிங் | வங்கித் துறை | 11 ஆண்டுகள் | சென்னை | உடனே சேரலாம்.’ பக்கத்தில் இதை ஆங்கிலத்தில்தான் போடுவார். இதில் உற்சாகச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவர் தேடுகிற சொல்.

கடைசித் துண்டைக் கவனிக்க வேண்டும். இந்திய ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம், பல இடங்களில் மூன்று மாதம். தேர்ந்தெடுத்த ஆள் வந்து சேர்வதற்குள் வேறு ஆஃபர் வாங்கிப் போய்விடுவது ஹெச்.ஆரின் தீராத தலைவலி. வேலையில் இருக்கும் போட்டியாளர் 90 நாள் கேட்கும்போது, இவர் திங்கட்கிழமையே வரலாம். ஆட்குறைப்பு இவருக்குத் தந்த ஒரே சாதகம் இது. அதைப் பக்கத்தின் உச்சியிலேயே சொல்லிவிடலாம். நௌக்ரி போன்ற தளங்களில் நோட்டீஸ் காலத்துக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. பழைய ‘3 மாதம்’ அங்கே அப்படியே கிடந்தால், அவசரமாக ஆள் தேடும் ரெக்ரூட்டர் வடிகட்டும்போதே இவர் பெயர் விழுந்துவிடும். தலைப்பு வரியை மாற்றியவர்கள்கூட இந்தக் கட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

தேடலில் அகப்பட்ட பிறகுதான் மேலாளர் படிக்க ஆரம்பிக்கிறார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்: இந்த ஆள் உண்மையில் என்ன செய்தார்?

நம் பொறியாளரின் பழைய பக்கத்தில் இருந்த வரி: ‘வங்கிச் செயலிகளுக்கான ரெக்ரஷன் டெஸ்டிங்கைக் கவனித்துக்கொண்டேன்.’ ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் முன், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவை இன்னும் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. இந்த வரியை எந்தச் சோதனைப் பொறியாளரும் எழுதலாம். அது இவருடையது ஆக வேண்டுமென்றால், மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். முன்பு எப்படி இருந்தது? இவர் எதை மாற்றினார்? பிறகு என்ன ஆனது?

உட்கார்ந்து யோசித்தால் நினைவுக்கு வருகிறது. மாதம் ஒரு வெளியீடு. ஒவ்வொரு முறையும் நான்கு பேர் ஐந்து நாள் உட்கார்ந்து கையால் சோதிப்பார்கள், மொத்தம் 20 ஆள்-நாள். இவர் அவற்றில் அடிக்கடி மாறாத பகுதிகளைப் பிரித்தெடுத்து ஆட்டோமேஷனுக்குக் கொண்டுபோனார். ஓராண்டில் அந்த வேலை இரண்டு பேருக்கு இரண்டு நாள் என்று சுருங்கியது. அதாவது 4 ஆள்-நாள். ஆக, புதிய வரி: ‘மாதாந்தர வெளியீட்டுக்கான ரெக்ரஷன் டெஸ்டிங்கை 20 ஆள்-நாளிலிருந்து 4 ஆகக் குறைத்தேன். கட்டமைப்பை நான் வடிவமைத்தேன், ஸ்கிரிப்ட்களை மூன்று பேர் குழு எழுதியது.’

இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். தன் பங்கு எது, குழுவின் பங்கு எது என்று பிரித்துச் சொன்னால், முதல் வாக்கியத்தில் உள்ள எண் நம்பத் தகுந்ததாகிவிடுகிறது. நேர்காணலில் அந்த எண்ணை நிச்சயம் நோண்டுவார்கள். ‘எப்படி அளந்தீங்க?’, ‘மீதி 4 நாள் எதுக்குப் போச்சு?’ என்று கேட்பார்கள். ‘செயல்திறனை 80 சதவீதம் உயர்த்தினேன்’ என்று எழுதியவர் அங்கே திணறுவார். 20, 4 என்று எழுதியவரிடம் கதை இருக்கும். பதில் சொல்ல முடியாத எண்ணைப் பக்கத்தில் வைக்காமலிருப்பதே நல்லது.

எண்கள் நினைவில் இல்லையென்றால்? பழைய அப்ரைசல் கடிதங்கள், பாராட்டு மின்னஞ்சல்களின் நினைவு, கூட வேலை பார்த்தவர்களோடு ஒரு டீக்கடைப் பேச்சு ஆகியவை உதவும். நிறுவனத்தின் கோப்புகளை வெளியே எடுப்பது மட்டும் கூடாது. வாடிக்கையாளர் பெயரும் பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வரும். ‘அமெரிக்க சில்லறை வங்கி ஒன்று’ என்று எழுதினால் போதும், மேலாளருக்கு வேண்டியது துறைதான்.

இனி, எல்லோரும் தயங்கும் இடம். வேலை போனதை எங்கே, எப்படிச் சொல்வது?

சிலர் சொல்வதே இல்லை. கடைசி வேலையை ‘இன்றுவரை’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்தானது. ஆஃபர் வந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். ரிலீவிங் லெட்டரின் தேதியையும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பதிவான வெளியேறிய தேதியையும் ஒப்பிடுவார்கள். வேலை போனதற்காக நிராகரிக்காத நிறுவனமும், தேதி பொய் என்று தெரிந்தால் ஆஃபரைத் திரும்பப் பெறலாம்.

வேறு சிலர் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். இரவு 11 மணிக்கு எழுதிய நீண்ட பதிவு, மேலாளர் செய்த துரோகம், 11 ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த பரிசு. ஆறுதல் சொல்ல 300 பேர் வருவார்கள். ஆனால் அதைப் படிக்கும் அடுத்த மேலாளர், நாளை தன்னைப் பற்றி என்ன எழுதுவாரோ என்று யோசிப்பார். இன்னொன்றும் உண்டு. இழப்பீட்டுத் தொகை வாங்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், நிறுவனத்தை இழிவாகப் பேசக் கூடாது என்ற ஷரத்து இருக்கலாம். பதிவு போடும் முன் அதை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வரி போதும். அதற்கான இடம் தலைப்பு வரியல்ல, கடைசி வேலையின் விவரத்தில் இறுதி வரி: ‘வாடிக்கையாளர் புராஜெக்டை நிறுத்தியதால் எங்கள் பிரிவு முழுவதும் குறைக்கப்பட்டது.’ காரணம் தன் திறமையோடு தொடர்பில்லாதது என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது, தனியாக வாதாட வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஓர் உள்ளூர்ச் சிக்கல். நம் ஊரில் பலரையும் நிறுவனம் நேரடியாக நீக்குவதில்லை, ‘நீங்களே பேப்பர் போட்டுடுங்க’ என்கிறார்கள். அப்போது ரிலீவிங் லெட்டரில் ‘ராஜினாமா’ என்றுதான் இருக்கும். பக்கத்தில் ‘நீக்கப்பட்டேன்’ என்று எழுதினால் கடிதத்தோடு முரண்படும். ‘பிரிவு குறைக்கப்பட்டபோது வெளியேறினேன்’ என்றால் இரண்டும் ஒத்துப்போகும், பொய்யும் இல்லை.

இடைவெளி சில மாதங்களாக நீண்டுவிட்டால், லிங்க்ட்இன் 2022இல் கொண்டுவந்த ‘கேரியர் பிரேக்’ பதிவு பயன்படும். அதில் தேர்ந்தெடுக்கத் தரப்படும் காரணங்களில் ஆட்குறைப்பும் ஒன்று. பதிவின் கீழே அந்த மாதங்களில் செய்ததை எழுதலாம். வெறும் ‘புதியன கற்கிறேன்’ அல்ல. ‘பிளேரைட்டில் ஒரு மாதிரிக் கடைத் தளத்துக்கு 40 சோதனைகள் எழுதி கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன்’ என்பது போல, திறந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையம், அதாவது ‘ஓப்பன் டு வொர்க்’, பற்றி ரெக்ரூட்டர்களிடையே இரண்டு கருத்து உண்டு. வளையம் இல்லாமல், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதியும் இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும், அங்கே கொடுக்கும் பதவிப் பெயர்கள் தலைப்பு வரியோடு ஒத்துப்போக வேண்டும். வளையத்தைப் பார்த்து மோசடிக்காரர்களும் வருவார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை அல்ல.

மாற்றியது பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேடல்களில் தன் பெயர் எத்தனை முறை வந்தது என்று லிங்க்ட்இன் காட்டும். அது குறைவாகவே இருந்தால், சரியான பதவிப் பெயரும் தொழில்நுட்பச் சொற்களும் பக்கத்தில் இல்லை என்று பொருள். தேடலில் வந்தும் யாரும் தொடர்புகொள்ளவில்லையென்றால், அனுபவப் பகுதி யாருக்கும் பொருந்தும்படி பொதுவாக இருக்கிறது. அழைப்பு வந்து முதல் பேச்சிலேயே நின்றுபோனால் பக்கத்தில் குறையில்லை, ‘ஏன் வெளியே வந்தீங்க?’ என்ற கேள்விக்கான பதில் நீள்கிறது. பக்கத்தில் உள்ள அந்த ஒரு வரியைத் தொலைபேசியிலும் அப்படியே சொல்லிப் பழகிக்கொள்ளலாம்.

நம் பொறியாளருக்கு வரும் அழைப்பு அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

“மேடம், புரொஃபைல் பார்த்தேன். 20 மேன்-டேஸ் நாலாச்சுன்னு போட்டிருக்கீங்களே, அது செலினியமா?”

“ஆமா சார், செலினியம் ஜாவா.”

“சரி. நோட்டீஸ் பீரியட் எவ்ளோ?”

“புராஜெக்ட் க்ளோஸ் ஆகி டீமையே குறைச்சுட்டாங்க சார். திங்கட்கிழமையே ஜாயின் பண்ணலாம்.”

“ஓ, அப்படியா… ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, மேனேஜர்கிட்ட கேட்டுடறேன்.”